பாட்டாவோட ஒசியத்து: கையெழுத்து அவரு போட்டதில்லன்னு கோர்ட்ல எப்படி காட்ட?

கல்குளத்துக்காரி, 9 மார்ச் 2025

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்கா. எங்க பாட்டா 2023 ஜனவரியில போயிட்டாரு, 86 வயசு. பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவரு, பென்ஷன்காரரு. தக்கலை பக்கம் 42 சென்ட் தென்னந்தோப்பு அவரு சொந்தமா வாங்கினது. பிள்ளைங்க எங்க அப்பா, அத்தை, சித்தப்பா. அப்பா பாட்டாவுக்கு முன்னாலேயே இறந்துட்டாரு. பதினாறு கழிஞ்சு பாகம் பேச உக்காந்தப்ப சித்தப்பா ஒரு ஒசியத்து, அதான் உயில், எடுத்து வெக்காரு, அந்த தென்னந்தோப்பு விளை முழுசும் அவருக்குன்னு. 2017 ஜூன் தேதி, வெள்ளைத்தாள்ல ரெண்டு பக்கம், பேனாவால எழுதினது, ரிஜிஸ்டர் பண்ணல, கடைசியில "இது என் கைப்பட எழுதியது"ன்னு ஒரு வரி. சாட்சி ரெண்டு பேரு, ஒருத்தர் பக்கத்து விளைக்காரரு, அவரும் இப்ப இல்ல, இன்னொருத்தர் சித்தப்பாவுக்க மச்சினன்.

பாட்டாவுக்கு 2014ல ஸ்ட்ரோக் வந்து வலது கை ஒழுங்கா வராது. கஞ்சி குடிக்கவே ஸ்பூன இடது கையிலதான் பிடிப்பாரு. ஒசியத்துல இருக்க கையெழுத்து வழவழன்னு அழகா இருக்கு. நாங்களும் அத்தையும் சேந்து பத்மநாபபுரத்துல பாகம் கேட்டு கேஸ் போட்டாச்சு. கையெழுத்து நிபுணருக்கு அனுப்பினா அவரு சொல்லதோட கேஸ் முடிஞ்சிருமா? அதுக்கு நாங்க என்ன குடுக்கணும்?

ரப்பர்_குலசேகரம், 9 மார்ச் 2025

கள்ள உயில்னு நீங்க சொன்னா நீங்கதான் நிரூபிக்கணும், அதான் சட்டம். அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணாத உயில் செல்லவே செல்லாது, முத்திரைத்தாள்லயும் இல்லங்கறீங்க, அதனால நிபுணரே வேண்டாம்னு நினைக்கேன்.

பத்மநாபபுரம் குமாஸ்தா, 9 மார்ச் 2025

ரப்பர் தம்பி, முதல் விஷயம் பாதிதான் சரி, ரெண்டாவது சரியே இல்ல. உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம் ரிஜிஸ்டரும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். அதே மாதிரி ரிஜிஸ்டர் பண்ணிட்டதுனால மட்டும் சந்தேகம் எல்லாம் தீந்துடும்னும் இல்ல.

நிரூபிக்க வேண்டியது யாருன்னா, உயில வெச்சு சொத்து கேக்கவருதான். எழுதினவரு கையெழுத்து போட்டாரு, சுயநினைவோட போட்டாரு, ரெண்டு சாட்சியும் சட்டப்படி போட்டாங்க, இத்தனையும் சித்தப்பா காட்டணும். அதுக்கு மேல சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தா அதையும் அவருதான் தீத்து வைக்கணும், 1959ல வெங்கடாசல அய்யங்கார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இன்னைக்கு வரைக்கும் எல்லா உயில் தீர்ப்புலயும் வரும். மிரட்டி வாங்கினாங்க, ஏமாத்தி வாங்கினாங்கன்னு சொன்னாதான் அது சொல்லவங்க தலையில விழும். அதனால பிள்ளே, நீங்க போட்ட பிளெயின்ட்டோ ரிப்ளை ஸ்டேட்மென்ட்டோ எது இருந்தாலும் அதுல என்ன வார்த்தை போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. "கையெழுத்து அவருடையது இல்ல"ன்னும் எழுதி, கீழயே "சுயநினைவு இல்லாதப்ப கையெழுத்து வாங்கிட்டாங்க"ன்னும் எழுதியிருந்தா ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிக்கும். அத எதிர்வக்கீல் கிராஸ்ல முதல் கேள்வியா கேப்பாரு.

மார்த்தாண்டம் ஜோ, 10 மார்ச் 2025

இதுக்கு ஈசியான வழி இங்க் எத்தனை வருஷம் பழசுன்னு டெஸ்ட் பண்ணதுதானே. என் கேஸ்லயும் அதான் கேட்டேன். நான் ஒருத்தருக்கு வெறும் செக்குல கையெழுத்து மட்டும் போட்டு குடுத்தேன், ரெண்டு வருஷம் கழிச்சு அவரு தொகைய எழுதி பேங்க்ல போட்டுட்டாரு. இங்க் வயசு பாக்க அனுப்பணும்னு மனு போட்டோம், தள்ளிட்டாங்க. அநியாயம்.

தோவாளை அண்ணாச்சி, 10 மார்ச் 2025

நான் ஆவணப் பரிசோதனை வேலையில இருந்து ஓய்வு வாங்கினவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

ஜோ, உங்க வழக்கு வேற. உங்க கையெழுத்த நீங்களே ஒத்துக்கிட்டீங்க, தகராறு தேதி பத்திதான். இங்க் எந்த வருஷம் பேப்பர்ல ஏறிச்சுன்னு நம்பிச் சொல்ற வசதி இங்க லேப்ல இல்ல, மெட்ராஸ் ஐகோர்ட்டே செக் கேஸுகள்ல இத பல தடவை எழுதியிருக்கு. ரெண்டு இங்க் ஒரே வகையா வேற வகையான்னு வேணும்னா சொல்லலாம். அது வயசு ஆகாது.

இப்ப கல்குளத்து அம்மா கேட்டதுக்கு வரேன். நிபுணர் சொன்னதும் கேஸ் முடியாது. ஆனா அதவிட முக்கியமா ஒண்ணு இருக்கு, நிபுணர் என்ன சொல்லுவாருங்கறது நீங்க அவருக்கு எத அனுப்பறீங்கங்கறதுல பெரும்பாலும் முடிவாயிடும். ஆளு இறந்துட்டாரு, புதுசா மாதிரிக் கையெழுத்து வாங்க வழியில்ல. அவரு உயிரோட இருந்தப்ப போட்ட, ரெண்டு தரப்பும் மறுக்க முடியாத கையெழுத்து வேணும். நாலு விஷயம் பாக்கணும், ஒரிஜினலா இருக்கணும், உயில் தேதிக்கு முன்னயும் பின்னயும் பக்கத்துல இருக்கணும், ஒண்ணு ரெண்டு போதாது, நிறைய வேணும், அப்புறம் அன்றாட வேலையில போட்டதா இருக்கணும். ஒருத்தர் கையெழுத்து ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை இருக்காது. அந்த வித்தியாசம் எது வரைக்கும் போகும்னு தெரிஞ்சாதான் சந்தேகக் கையெழுத்து அதுக்குள்ள நிக்குதா வெளிய நிக்குதான்னு சொல்ல முடியும். ரெண்டே ரெண்டு மாதிரி அனுப்பினா "கருத்து கூற இயலவில்லை"ன்னு திரும்பி வரும். அது உங்களுக்கு ஜெயமும் இல்ல தோல்வியும் இல்ல, மாசக்கணக்குல காலம் மட்டும் போயிருக்கும்.

ஜெராக்ஸ் அனுப்பவே அனுப்பாதீங்க. பேனா எங்க அழுத்திச்சு, எங்க நின்னுச்சு, எங்க தூக்கி திரும்ப வச்சாங்கன்னு ஜெராக்ஸ்ல தெரியாது.

கல்குளத்துக்காரி, 16 மார்ச் 2025

அண்ணாச்சி ரொம்ப நன்றி. எங்க வக்கீல் பாட்டா 1968ல விளை வாங்கின ஆதாரத்தையும், அதாவது பத்திரத்தையும், அதுக்கு முந்தி 1955ல அவங்க அப்பாவோட சேந்து கையெழுத்து போட்ட ஒரு பழைய ஆதாரத்தையும் அனுப்பலாம்ங்காரு. ரெண்டும் ஒரிஜினல், கையில இருக்கு. 1955 உள்ளது மலையாளத்துல இருக்கு, கையெழுத்தும் மலையாளத்துலதான். அப்ப திருவிதாங்கூர் காலம் முடிஞ்ச உடனே இல்லியா, எங்க பாட்டா மலையாளமும் படிச்சவரு. இத லேமினேட் பண்ணி பத்திரமா குடுக்கலாமா?

தோவாளை அண்ணாச்சி, 16 மார்ச் 2025

ஐயோ லேமினேட் பண்ணாதீங்கம்மா. பண்ணிட்டா மேல்பரப்ப பாக்க முடியாது, சாய்வா வெளிச்சம் விட்டு அழுத்தம் பாக்க முடியாது, அந்த பேப்பர் பரிசோதனைக்கு செத்த மாதிரி. புதுசா மடிக்காம, பின் குத்தாம ஒரு கவர்ல வைங்க. கவர் மேல ஏதாவது எழுதணும்னா பேப்பர உள்ள வைக்கதுக்கு முன்னாலயே எழுதிடுங்க, உள்ள வச்சிட்டு பால்பாயிண்ட்ல எழுதினா அந்த தடம் உள்ள இருக்க பேப்பர்லயும் விழும்.

1955 உள்ளது உதவாது, எழுத்தே வேற. மலையாளக் கையெழுத்தையும் தமிழ்க் கையெழுத்தையும் ஒப்பிட வழியே இல்ல. குமரி மாவட்டத்து பெரியவங்க கேஸ்ல இது அடிக்கடி வர்ற சிக்கல், 1956 நவம்பர்ல இந்தப் பக்கம் சேந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா தமிழ்க் கையெழுத்துக்கு மாறினவங்க நிறைய. 1968 உள்ளதும் உயிலுக்கு 49 வருஷம் முந்தினது, நடுவுல ஸ்ட்ரோக் வேற. அத மட்டும் அனுப்பினா என்ன ஆகும்னு யோசிங்க. உயில் கள்ளமா இருந்து, செய்தவன் பழைய ஆதாரத்தப் பாத்து வரைஞ்சிருந்தா, நீங்க அனுப்பற மாதிரியோட அது அழகா ஒத்துப்போகும்! உங்க சந்தேகமே அவரு கை விழுந்த பிறகு அப்படிப் போட முடியாதுங்கறதுதானே. அப்ப 2014க்குப் பிறகு போட்டதுதான் வேணும்.

வடசேரி கேஷியர், 17 மார்ச் 2025

பென்ஷன்காரருன்னா வழி இருக்கு. அவரு பேங்க்ல பணம் எடுக்க வித்ட்ராயல் ஸ்லிப் போட்டிருப்பாரு, வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று குடுத்திருப்பாரு. ஆனா பேங்க்ல பழைய ஸ்லிப் எல்லாம் காலாகாலத்துக்கும் வச்சிருக்க மாட்டாங்க, குறிப்பிட்ட வருஷம் ஆனா அழிச்சிடுவாங்க. அதனால உடனே வக்கீல் மூலமா லெட்டர் குடுத்து, கோர்ட்ல இருந்து ஆவணம் வரவழைக்க மனுவும் போடுங்க. கணக்கு தொடங்கின ஸ்பெசிமன் கார்டு ரொம்ப பழசா இருக்கும், அதுமட்டும் போதும்னு இருந்துடாதீங்க. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் கையெழுத்து பொருந்தலன்னு பேங்க்லயே புது மாதிரி வாங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அத கேளுங்க, அது கிடைச்சா தங்கம். கைநாட்டுக்கு மாறினாராங்கறதும் அதுலயே தெரிஞ்சிடும்.

கல்குளத்துக்காரி, 20 ஏப்ரல் 2025

கேஷியர் அண்ணே, கிடைச்சிட்டு. 2015 கடைசியில பேங்க்ல புது கையெழுத்து எடுத்திருக்காங்க. 2016ல இருந்து 2019 வரைக்கும் உள்ள ஸ்லிப் கொஞ்சம் இருக்கு, கோர்ட் வரவழைச்சு ஃபைலுக்கு வந்தாச்சு. சித்தப்பா வக்கீல் ஸ்லிப்ப மறுக்கல, ஏன்னா சில நாள் சித்தப்பாவே பாட்டாவ ஆட்டோவில கூட்டிட்டு போயி எடுத்ததுதான்.

கோர்ட்ல வச்சு பாத்தேன். பாட்டா பேரு "ன்"ல முடியும். ஸ்லிப்ல அந்த புள்ளி எழுத்து மேல நிக்கல, ஒண்ணுல வலது பக்கம் தள்ளி கோடு போட்ட இடத்துல கிடக்கு, இன்னொண்ணுல புள்ளியே இல்ல, ஒரு சின்ன இழுப்பு மட்டும். கையெழுத்து இடதுபக்கம் மேல ஆரம்பிச்சு போகப்போக கீழ சரியுது. பாத்ததும் அழுகை வந்துட்டு, அவரு கை நடுங்கிட்டே போடுறது அப்படியே கண்ணுல நிக்கி. ஒசியத்துல ரெண்டு பக்கத்துலயும் புள்ளி நேரா உச்சியில, கோடும் நேரா. ஆனா ஒரு விஷயம் குழப்புது, ஒசியத்து கையெழுத்துலயும் உத்துப் பாத்தா சின்ன நடுக்கம் இருக்கு. அப்ப அவருதான் போட்டாரோ?

தோவாளை அண்ணாச்சி, 20 ஏப்ரல் 2025

நடுக்கம் ரெண்டு வகை. வயசானவங்க, கை விழுந்தவங்க நடுக்கம் ஒழுங்கில்லாம வரும், ஒரு இடத்துல பெரிசா ஆடும், அடுத்த இழுப்பு திடீர்னு வேகமா போயிடும், புள்ளி எங்கேயோ விழும், கோட்ட விட்டு இறங்கும். ஆனா அவரு அத திருத்த மாட்டாரு, போட்டு முடிச்சா சரின்னு விட்டுடுவாரு. பல வருஷப் பழக்கம் உள்ள இழுப்பு மட்டும் அந்த நடுக்கத்துக்குள்ளயும் சுதந்திரமா வரும்.

பாத்து வரையறவன் நடுக்கம் வேற. அவன் மெதுவா போறான், கண்ணு மாதிரியில, கை பேப்பர்ல. அதனால நடுக்கம் சின்னதா ஒரே சீரா இருக்கும், வளைவான கஷ்டமான இடத்துல அதிகமா தெரியும். அழுத்தம் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி, முடியற இடம் கூரா மெலியாம மொட்டையா நிக்கும். தேவையில்லாத இடத்துல பேனாவ தூக்கியிருப்பான், விட்டுப்போன இடத்த மறுபடி தொட்டு சேத்திருப்பான். மொத்த வடிவம் நல்லா இருக்கும், கோட்டுல உயிர் இருக்காது.

இன்னொண்ணு பாக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கத்துக் கையெழுத்தும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சா அளவு மாறாம பொருந்துதான்னு. கை விழுந்த ஆளு ரெண்டு தடவை அச்சா ஒரே மாதிரி போட மாட்டாரு. அப்படிப் பொருந்தினா ஒரே மாதிரியில இருந்து ட்ரேஸ் எடுத்ததான்னு பின்னால வெளிச்சம் விட்டுப் பாக்கணும்.

ஆனா நீங்க கண்ணால பாத்து முடிவு பண்ணிடாதீங்க, நானும் பாக்காம சொல்ல மாட்டேன். மருந்து சாப்பிட்டு, வீட்டுல மேசையில உக்காந்து நிதானமா போட்ட கையெழுத்து, பேங்க் கவுண்டர்ல நின்னுட்டு போட்டதவிட நல்லா வர வாய்ப்பு உண்டு. எதிர்ப்பக்கம் இதத்தான் சொல்லும்.

ரப்பர்_குலசேகரம், 21 ஏப்ரல் 2025

ஒருவேளை கையெழுத்து அவருடையதே, வெறும் பேப்பர்ல வாங்கி மேல எழுதிட்டாங்கன்னா? எங்க ஊர்ல இப்படி நடந்திருக்கு.

தோவாளை அண்ணாச்சி, 21 ஏப்ரல் 2025

நல்ல கேள்வி. அப்படின்னா கையெழுத்து பரிசோதனை உங்களுக்கு எதிரா முடியும், கையெழுத்து உண்மைன்னுதானே வரும். அந்த சந்தேகத்துக்கு வேற இடத்தப் பாக்கணும். கையெழுத்துக்கு மேல இடம் பத்தாம கடைசி வரிகள நெருக்கியிருக்கா, வரி கையெழுத்த ஒதுங்கிப் போகுதா, ரெண்டு தாளும் ஒரே வகையா, ஸ்டேப்ளர் ஓட்டை ரெண்டு தாள்லயும் ஒண்ணா இருக்கா, கையெழுத்துக் கோடும் வரியும் வெட்டுற இடம் இருந்தா எது முந்தி எது பிந்தின்னு. எல்லா நேரமும் பதில் கிடைக்காது, வெட்டுற இடமே இல்லன்னா அந்தக் கேள்விய லேப்ல கேட்டே பிரயோஜனம் இல்ல.

கல்குளத்துக்காரி, 4 மே 2025

இத எப்படி முதல்லேயே யோசிக்காம இருந்தோம்னு தெரியல. மச்சு மேல பாட்டா எழுதி வச்ச தேங்காய் கணக்கு நோட்டு இருந்துச்சு, 2013 வரைக்கும் எழுதியிருக்காரு. அதுல "விளை" "பிள்ளை" "கடலை" எல்லாம் பழைய எழுத்து, அந்த தும்பிக்கை மாதிரி மேல வளைச்சு போடுற "ளை", "லை". நோட்டு முழுக்க ஒரு இடத்துல கூட இப்ப நாம எழுதுற மாதிரி இல்ல. ஒசியத்துல "விளை"ன்னு எத்தனையோ தடவை வருது, எல்லாமே புது "ளை"! அதுல "இது என் கைப்பட எழுதியது"ன்னு இருக்கு!

தோவாளை அண்ணாச்சி, 4 மே 2025

அருமையான கண்டுபிடிப்பும்மா. எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978 அக்டோபர்ல வந்தது, அதுக்கு முந்தி படிச்சு முடிச்சவங்க பல பேரு சாகற வரைக்கும் பழைய ளை, லை, னை, ணை, அப்புறம் பழைய ணா, றா, னா எழுதினாங்க. கையெழுத்த மட்டும் பழகி வரையறவன் உள்ள எழுதறப்ப தன் பழக்கத்துக்கு வந்துடுவான், அது அவனுக்கே தெரியாது.

ஆனா ஒரு எச்சரிக்கை. பழைய எழுத்து எழுதறது ஒரு தலைமுறைப் பழக்கம், அத மட்டும் வச்சு ஆளச் சொல்ல முடியாது. நடுவுல மாறினவங்களும், கலந்து எழுதினவங்களும் இருக்காங்க. அந்த நோட்டு 2013ல நிக்குது, உயில் 2017, நடுவுல ஸ்ட்ரோக். "பிறகு மாறிட்டாரு"ன்னு சொல்ல அவங்களுக்கு இடம் இருக்கு. நோட்டு அவரு எழுதினதுன்னும் நீங்க காட்டணும். எழுதறப்ப பாத்தவங்க, பல வருஷம் அவரு எழுத்தோட பழகினவங்க சாட்சி சொல்லலாம், அத்தை சொல்லலாம், கொப்பரா வியாபாரி யாராவது இருந்தா இன்னும் நல்லது, அவருக்கு இதுல லாபம் இல்ல. மறக்காம உயிலோட உள் எழுத்தையும் பரிசோதிக்கணும்னு மனுவுல சேருங்க, வெறும் கையெழுத்துன்னு போட்டா லேப் அத மட்டும்தான் பாக்கும்.

பத்மநாபபுரம் குமாஸ்தா, 5 மே 2025

மனு சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 26 ரூல் 10ஏ கீழ போடணும். பொதுவா வக்கீல் கமிஷனர் ஒருத்தர போட்டு சீல் வச்ச கவர்ல மயிலாப்பூர் தடய அறிவியல் துறைக்கு அனுப்புவாங்க. தனியார் நிபுணர் வேண்டாம்னு சட்டம் இல்ல, ஆனா அவங்களும் ஒருத்தர கூட்டிட்டு வருவாங்க, ரெண்டு பேரும் எதிரெதிரா சொல்லி நீதிபதி ரெண்டையும் ஒதுக்கி வச்சத நான் பாத்திருக்கேன்.

இதுக்கிடையில எல்லாரும் ஒண்ண மறந்துட்டீங்க. உயில நிரூபிக்க சாட்சிக் கையெழுத்து போட்டவங்கள்ல ஒருத்தராவது கூண்டுல ஏறணும், பழைய சாட்சியச் சட்டத்துல 68, இப்ப புதுசுல 67. ஒருத்தர் இறந்துட்டாரு, அப்ப அந்த மச்சினன்தான் வரணும். அவரு "பாட்டா போட்டத பாத்தேன், அவரு பாக்க நான் போட்டேன்"னு மட்டும் சொன்னா போதாது, இறந்துபோன இன்னொரு சாட்சியும் சட்டப்படி போட்டாருங்கறதும் அவரு வாயால வரணும். ஜானகி நாராயண் போயிர் கேஸ்ல அது வராம உயிலே விழுந்துச்சு. நிபுணர் கையெழுத்து உண்மைன்னு சொன்னாலும் இது விழுந்தா உயில் விழும். அதே போல நிபுணர் கள்ளம்னு சொல்லியும், சாட்சி கிராஸ்ல அசையாம நின்னதுனால உயில் நின்ன கேஸும் உண்டு. நிபுணர் சொல்லது ஒரு கருத்துதான்.

மார்த்தாண்டம் ஜோ, 5 மே 2025

நீதிபதியே கண்ணால ஒப்பிட்டு பாக்கலாமே? எங்க வக்கீல் அப்படி சொன்னாரு.

பத்மநாபபுரம் குமாஸ்தா, 5 மே 2025

பாக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு, பழைய 73. ஆனா மேல்கோர்ட்டுக அத ஜாக்கிரதையா செய்யச் சொல்லும். திருவேங்கடம் பிள்ளை - நவநீதம்மாள் கேஸ்ல, 2008, நம்ம தமிழ்நாட்டு வழக்குதான், நிபுணர் இல்லாம கைநாட்ட கோர்ட்டே மேலோட்டமா ஒப்பிட்டது ஆபத்துன்னு சுப்ரீம் கோர்ட் எழுதிச்சு.

கல்குளத்துக்காரி, 23 நவம்பர் 2025

ரிப்போர்ட் வந்துட்டு. ஒசியத்துல இருக்க ரெண்டு கையெழுத்தும் ஸ்லிப்ல போட்டவரு போட்டதில்லன்னு எழுதியிருக்காங்க, கோட்டுத் தரம், பேனா தூக்கின இடம், அந்த "ன்" எல்லாம் பெரிசாக்கின போட்டோவோட. உள் எழுத்துக்கு மட்டும் "போதிய சமகால மாதிரி இல்லாததால் கருத்து கூற இயலவில்லை"ன்னு இருக்கு. நோட்டு மேல அவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தேன், மனசு ஒடிஞ்சு போச்சு. சித்தப்பா வக்கீல் ஆட்சேபம் போட்டிருக்காரு, ஸ்லிப் எல்லாம் அவசரத்துல நின்னுட்டு போட்டது, ஒசியத்து உக்காந்து போட்டதுன்னு, அண்ணாச்சி சொன்ன அதே காரணம்.

தோவாளை அண்ணாச்சி, 23 நவம்பர் 2025

அந்த லேப் செய்தது நேர்மையான வேலைம்மா, 2013 மாதிரிய வச்சு 2017 பத்தி சொல்ல முடியாதத சொல்லாம விட்டிருக்காங்க. அதனாலேயே கையெழுத்து பத்தி சொன்னதுக்கு மதிப்பு கூடும். 2015ல பேங்க்ல எடுத்த புது மாதிரிய பாருங்க, அது உக்கார வச்சு போட வச்சதா இருந்தா அவங்க ஆட்சேபத்துக்கு அதுலயே பதில் இருக்கு. அந்த நாள் கவுண்டர்ல இருந்தவரு யாருன்னு பேங்க்ல கேளுங்க.

பத்மநாபபுரம் குமாஸ்தா, 24 நவம்பர் 2025

ரிப்போர்ட்ட மட்டும் நம்பி இருக்காதீங்க, பரிசோதிச்ச அதிகாரிய சாட்சியா வரவழைக்க மனு போட்டு, காரணம் எல்லாம் அவரு வாயால வரட்டும். நோட்டும் வீண் போகல. சித்தப்பா கூண்டுல ஏறறப்ப முதல்ல நோட்ட காட்டி இது யாரு எழுத்துன்னு மட்டும் கேக்கச் சொல்லுங்க, ஒசியத்த அப்ப எடுக்கவே கூடாது. பாட்டா எழுத்துதான்னு ஒத்துக்கிட்டா, பிறகு "விளை"ய காட்டலாம். அப்ப அவரு "வேற ஆளு எழுதினாரு, பாட்டா சொல்லச் சொல்ல"ன்னு மாத்தினா, ஒசியத்தோட கடைசி வரியும் அவரு குடுத்த ஸ்டேட்மென்ட்டும் பொய்யாகும். மச்சினன் கிராஸ் எந்த தேதிக்கு இருக்கு?

கல்குளத்துக்காரி, 24 நவம்பர் 2025

அடுத்த மாசம் வாய்தா போட்டிருக்கு அண்ணே. அத்தை நோட்ட பத்தி சொல்ல தயாரா இருக்காங்க. கொப்பரா எடுத்த வியாபாரிய திங்கள்சந்தையில தேடிட்டு இருக்கோம், அவரு மகன் நம்பர் கிடைச்சிருக்கு.

வடசேரி கேஷியர், 24 நவம்பர் 2025

2015ல மாதிரி வாங்கின படிவத்துல கீழ சரிபாத்த அதிகாரி கையெழுத்தும் ஊழியர் நம்பரும் இருக்கும். ரிட்டயர் ஆயிருந்தாலும் அந்த நம்பர வச்சு ஆள கண்டுபிடிச்சிடலாம், சம்மன் மனுவுல அத குறிப்பிடுங்க.